இறுதித் தேர்வு மீட்டுத் தரும் மதிப்பெண்

அமெரிக்கக் கல்லூரிகளில் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களுக்கு ஒரு பருவத்தில் பெரும்பாலும் இரண்டு இடைப்பருவத் தேர்வுகளும் ஓர் இறுதித் தேர்வும் நடக்கும். முதல் தேர்வு நான்கைந்து வாரங்களிலேயே வந்துவிடும். பாடம் பிடிபடுவதற்குள் எழுதிய அந்தத் தேர்வில் சறுக்கியவர், பருவ முடிவில் எல்லாவற்றையும் நன்றாகக் கற்றிருந்தாலும் பழைய மதிப்பெண் அவரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பல பேராசிரியர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இறுதித் தேர்வில் கூடுதலாக எடுத்தால், மிகக் குறைந்த இடைப்பருவ மதிப்பெண்ணின் இடத்தில் அது உட்காரும். கலிபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழகத்துக் கணினி மாணவர்கள் இதை ‘கிளாபர்’ என்பார்கள்.

இறுதித் தேர்வு முழுப் பாடத்தையும் தொட்டால்தான் இந்த விதிக்கு நியாயம் உண்டு. முதல் தேர்வில் தவறவிட்ட பகுதியிலிருந்து மறுபடியும் கேள்வி வந்து, அதற்குச் சரியாக விடை எழுதியவருக்குத்தானே பழைய மதிப்பெண்ணை மாற்றித் தர முடியும்?

ஒரு மாணவியின் கணக்கைப் பார்ப்போம். வீட்டுப்பாடத்துக்கு 20 சதவீதம், இரு இடைப்பருவத் தேர்வுகளுக்குத் தலா 20, இறுதித் தேர்வுக்கு 40 என்பது வகுப்பின் ஏற்பாடு. அவர் வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு 90, முதல் தேர்வில் 45, இரண்டாவதில் 72 எடுத்திருக்கிறார். இறுதித் தேர்வில் 200க்கு 150. விதி இல்லாவிட்டால் 18, 9, 14.4, 30 என்று கூட்டி மொத்தம் 71.4 வரும்.

விதிப்படி 45 போய் அங்கே 75 வருகிறது. 150 அல்ல, 75. ஏனென்றால் எல்லா மதிப்பெண்ணையும் முதலில் நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் கணக்குப் போடும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இப்போது 9க்குப் பதில் 15 கிடைப்பதால் மொத்தம் 77.4. இறுதித் தேர்வின் 40 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து எதையும் எடுத்து இங்கே கொடுக்கவில்லை. கிடைத்த லாபத்தைத் தனியாகவும் சரிபார்க்கலாம்: 75க்கும் 45க்கும் இடைவெளி 30, அதில் 20 சதவீதம் 6.

கணினி விரிதாளில் A2 வீட்டுப்பாடம், B2, C2 இடைப்பருவத் தேர்வுகள், D2 இறுதித் தேர்வு என்று சதவீதங்களை வைத்துக்கொண்டால், ஒரே வரி போதும்:

```
=0.2*A2+0.2*MAX(B2,C2)+0.2*MAX(MIN(B2,C2),D2)+0.4*D2
```

நடுவிலிருக்கும் `MAX(MIN(B2,C2),D2)` என்ற துண்டுதான் விதி. இறுதித் தேர்வில் 40 மட்டுமே எடுத்திருந்தால் அது 45ஐயே தேர்ந்தெடுக்கும். ஆகவே விதியால் யாருடைய மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் இரண்டு தேர்வுகளுமே மோசமாகப் போயிருந்தால் ஒன்றுக்குத்தான் மீட்சி.

தேர்வுக்கு முன்பு மாணவர்கள் கேட்பது வேறு கேள்வி: மொத்தம் 80 வர எவ்வளவு எடுக்க வேண்டும்? இந்த மாணவிக்கு வீட்டுப்பாடமும் இரண்டாம் தேர்வும் சேர்ந்து 32.4 தந்துவிட்டன. மீதி 47.6. மாற்று நடக்கும்போது இறுதித் தேர்வின் பங்கு 40 அல்ல, 60 சதவீதம். 47.6ஐ 0.6ஆல் வகுத்தால் 79.3 வருகிறது. விதி இல்லாவிட்டால் அவருக்கு 96.5 தேவைப்பட்டிருக்கும். எட்ட முடியாததாகத் தெரிந்தது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. இந்த விதியின் உண்மையான பலன் இதுவே. ஐந்தாவது வாரத்தில் மனம் உடைந்த மாணவர் பதினைந்தாவது வாரம்வரை படிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அதே சமயம், ஒரே நாளின் மூன்று மணி நேரம் 60 சதவீதத்தைச் சுமக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் தேர்வுக்கே போகாமல் சுழியத்தை வாங்கிக்கொண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் மீட்சியை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார். இரண்டாம் தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கல், இறுதித் தேர்வே எளிதாக அமைந்துவிடுவது. அப்போது வகுப்பு முழுவதும் உயரும். இதைத் தவிர்க்கச் சில வகுப்புகளில் நேரடியாக மதிப்பெண்ணை மாற்றாமல், சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறார் என்று ஒப்பிடுகிறார்கள். முதல் தேர்வின் சராசரி 50, திட்ட விலக்கம் 15 என்றும், இறுதித் தேர்வில் அவை 70, 10 என்றும் கொள்வோம். மாணவியின் 75 சராசரியைவிட அரை விலக்கம் மேலே. முதல் தேர்வில் அதற்கு ஈடானது 50உடன் 15இன் பாதி, அதாவது 57.5. மொத்தம் 77.4 அல்ல, 73.9. அவர் 65 எடுத்திருந்தால், எண்ணளவில் 45ஐவிட அது கூடுதல்தான். ஆனால் 65 சராசரிக்கு அரை விலக்கம் கீழே; 45 மூன்றில் ஒரு பங்கு விலக்கம் மட்டுமே கீழே. எனவே மாற்றம் எதுவும் நடக்காது. இந்த இரண்டு முறைகளில் தன் வகுப்பில் எது என்பதைப் பருவத் தொடக்கத்தில் தரும் பாடக் குறிப்பேட்டில் படித்துவிட்டுத்தான் மாணவர் கணக்கைத் தொடங்க வேண்டும்.