ஆயிரம் சதுர அடியில் உங்கள் வீடு எவ்வளவு?

சென்னையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி, சதுர அடிக்கு 7,000 ரூபாய், மொத்தம் 70 லட்சம். இந்த ஆயிரம் என்பது பெரும்பாலும் சூப்பர் பில்டப் ஏரியா. பூட்டுப் போட்டு நீங்கள் குடியிருக்கப் போகும் இடம் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

உள்ளிருந்து கணக்குப் போடுவோம். கூடம், அறைகள், சமையலறை, குளியலறைகள், அவற்றைப் பிரிக்கும் உட்சுவர்கள் எல்லாம் சேர்ந்து 690 சதுர அடி. இதுதான் கார்ப்பெட் ஏரியா. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் இதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது. உட்சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், உங்களுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது.

இதனுடன் பால்கனிக்கு 40, வெளிச்சுவர்களுக்கு 50 சேர்த்தால் 780. இது பில்டப் ஏரியா. சென்னையில் பலர் இதைப் பிளிந்த் ஏரியா என்பார்கள். பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் பாதியைத்தான் வழக்கமாக உங்கள் கணக்கில் சேர்ப்பார்கள்.

மீதி 220 சதுர அடி படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, நுழைவுக்கூடம், சில இடங்களில் கிளப் ஹவுஸ் முதலியவற்றில் உங்கள் பங்கு. இதை லோடிங் என்கிறார்கள். இங்கே 780-க்கு 220, அதாவது 28 சதவீதம். எதையெல்லாம் பொது இடமாகச் சேர்க்கலாம் என்று ரெரா சட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்கு இருப்பதுபோல ஒரு வரையறை சூப்பர் பில்டப்புக்கு இல்லை. அதனால் ஒரே அளவு அறைகள் உள்ள வீடு ஒரு பில்டரிடம் 950, இன்னொருவரிடம் 1,050 என்று விற்பனைக்கு வர முடிகிறது. பேச்சுவாக்கில் 'பில்டப்' என்று சொல்லிவிட்டு சூப்பர் பில்டப் அளவைத் தருபவர்களும் உண்டு. எந்த அளவு என்று பெயர் சொல்லிக் கேட்பது அவசியம்.

சதுர அடி விலையை மட்டும் வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். அதே பகுதியில் இன்னொரு ஃப்ளாட்: சூப்பர் பில்டப் 950, சதுர அடிக்கு 7,300 ரூபாய். மொத்தம் 69 லட்சத்து 35 ஆயிரம். கேட்டவுடன் இதுதான் விலை கூடியதாகத் தோன்றும். ஆனால் பொது இடம் குறைவு என்பதால் இதன் கார்ப்பெட் ஏரியா 720. மொத்த விலையைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்தால் முதல் வீட்டுக்குச் சதுர அடி சுமார் 10,145 ரூபாய், இரண்டாவதற்குச் சுமார் 9,632. குறைந்த பணத்தில் 30 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரு குளியலறை அளவு.

லோடிங் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அகலமான படிக்கட்டும் இரண்டு லிஃப்ட்டும் முதியவர்கள் உள்ள வீட்டுக்குப் பெரிய உதவி. ஆனால் யாரும் நீந்தாத நீச்சல்குளத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். பல குடியிருப்புகளில் மாதாந்தரப் பராமரிப்புத் தொகையையும் சூப்பர் பில்டப் அளவை வைத்தே வசூலிக்கிறார்கள். வாங்கும்போது ஒரு முறை கொடுத்ததோடு அது முடிவதில்லை.

புதிய குடியிருப்பு என்றால் சரிபார்க்க வழி இருக்கிறது. ரெராவில் பதிவு செய்யும் பில்டர், ஒவ்வொரு வகை வீட்டின் கார்ப்பெட் ஏரியாவையும் அங்கே தெரிவிக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் இருக்கும் அளவும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய வீடு என்றால் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போவதுதான் வழி. பத்திரத்தில் பொது இடத்தையும் சேர்த்த ஒரே ஓர் அளவு மட்டும் இருக்கக்கூடும்.

டேப் பிடிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். அறை அறையாக அளந்து கூட்டினால் உட்சுவர்கள் நின்றிருக்கும் இடம் விட்டுப்போகும். வரைபடத்தில் செங்கல்லுக்குச் செங்கல் அளந்திருந்தால், பூச்சு இருபுறமும் சேர்ந்து ஓர் அங்குலம் வரை தின்றுவிடும். எனவே நீங்கள் கூட்டிய அளவு, எழுத்தில் உள்ள கார்ப்பெட் ஏரியாவைவிடச் சிறிது குறைந்தே வரும். உட்சுவர்களின் நீளத்தையும் தடிமனையும் பெருக்கிச் சேர்த்த பிறகும் பெரிய வித்தியாசம் நின்றால்தான் பில்டரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே கார்ப்பெட் ஏரியா, பால்கனி, பொது இடத்தின் பங்கு மூன்றையும் தனித்தனி எண்களாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.