மஞ்சள் தெரிவதற்கு முன்பே குடித்த தண்ணீர்

1955 நவம்பரில், டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் யமுனைக்குள் சாக்கடை புகுந்தது. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். பாக்டீரியா அடங்கியது, டைபாய்டு பெருகவில்லை. வைரஸ் தப்பித்துவிட்டது. டிசம்பர், ஜனவரியில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

தண்ணீர் கெட்டதற்கும் மஞ்சள் தெரிந்ததற்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளும் கவனிக்க வேண்டியது. ஹெபடைடிஸ் ஏ உடலுக்குள் போய்ப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். ஈ என்றால் பத்து வாரம்கூட ஆகலாம். கண் மஞ்சளானதும் நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியைக் குறை சொல்கிறோம். விசாரிக்க வேண்டியது போன மாதத் தண்ணீரை. செப்டிக் டேங்க் பக்கத்திலேயே போர்வெல் இருக்கிறதா? மழையில் சம்ப்புக்குள் தெருத்தண்ணீர் இறங்கியதா? விட்டுவிட்டு வரும் குழாயில் மோட்டார் போட்டு நேராக உறிஞ்சினால், குழாயின் விரிசல் வழியே பக்கத்துக் கழிவுநீரும் சேர்ந்து வரும். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. கொதி வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் இரண்டு வைரஸும் செத்துவிடும். கேன் தண்ணீர் வாங்கும் வீட்டிலும் சட்னிக்கும் மோருக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதுண்டு. கடை ஜூஸில் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ, யாருக்கும் தெரியாது.

முதலில் காய்ச்சல், குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. பிறகு சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு வரும். கண் மஞ்சளாகும்போது காய்ச்சல் பொதுவாக இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் எலிக்காய்ச்சலா, டெங்குவா என்று உடனே பார்க்க வேண்டும். கீழாநெல்லி குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உப்பு, எண்ணெய் இல்லாப் பத்தியமும் வேண்டாம். வாய்க்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். பாராசிட்டமாலை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மதுவைத் தொடவே கூடாது.

பலர் பிலிரூபின் எண்ணையே பார்த்துப் பயப்படுகிறார்கள். அது 15-ஐத் தாண்டியும் நல்லபடியாகத் தேறியவர்கள் உண்டு. கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ரத்தம் உறையும் நேரம், அதாவது ஐஎன்ஆர். உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அது ஓய்ந்தால் எண் ஏறும். 1.5-க்கு மேல் போய், நோயாளி பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், கை நடுங்கினால் அது கல்லீரல் செயலிழப்பு. அன்றைக்கே ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போல, கல்லீரல் நிபுணர்கள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், வயிறு உப்பல் இருந்தாலும் அப்படித்தான்.

கர்ப்பிணிக்கு இந்த அறிகுறி எதுவும் வரும்வரை காத்திருக்கவே கூடாது. கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் நூறில் 20 முதல் 25 பேர்வரை இறக்கலாம். கண்ணில் லேசான மஞ்சள் தெரிந்தாலே அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.