எந்த மூன்றாவது கணக்கு?

“மூணாவது கணக்கு எப்படிடா போடணும்?” மாலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வரும். பக்க எண் இருக்காது, கேள்வியும் இருக்காது. கேட்டவன் முன்னால் புத்தகம் திறந்திருக்கிறது. மற்றவர்கள் முன்னாலும் அதே பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது பாடமான இயற்கணிதத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பயிற்சிகள். அவற்றில் பலவற்றிலும் ஒரு மூன்றாவது கணக்கு உண்டு. ‘3.3’ என்று எழுதினாலும் தெளிவு பிறக்காது. எடுத்துக்காட்டு 3.3 வேறு, பயிற்சி 3.3 வேறு. முதலாவதற்குப் புத்தகத்திலேயே விடை போட்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க ஒரு வழி, வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கம். அங்கே எந்த முறையில் கணக்குகளைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, புத்தகத்தில் அதே முறை எடுத்துக்காட்டுகளை அடுத்து வரும் பயிற்சியைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு கணக்குகள் நோட்டில் முடிந்திருந்தால், தேடுவது அநேகமாக அதுதான். ஆனால் ஆசிரியர் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தாலோ அச்சிட்ட வினாத்தாள் தந்திருந்தாலோ இந்தத் துப்பு உதவாது. அப்போது கூடப் படிக்கும் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது வகுப்பு, பாடம், பயிற்சி எண், கணக்கு எண், (i), (ii) என்ற உட்பிரிவு ஆகியவற்றை எழுதலாம். அதைவிடச் சுலபம், கணக்கின் முதல் வரியை அப்படியே எழுதுவது. புகைப்படம் எடுத்தால் பயிற்சியின் தலைப்பும் விழட்டும். “பின்வருவனவற்றைத் தீர்க்க” என்ற கட்டளை பெரும்பாலும் உட்பிரிவுகளுக்கு மேலேதான் இருக்கும்.