பணம் வந்த பிறகும் 324 ரூபாய் பாக்கி

கடன் பில்லுக்குப் பணம் வந்துவிட்டது, ஆனால் பார்ட்டியின் பேரேட்டில் 324 ரூபாய் மட்டும் பாக்கி நிற்கிறது. சிறு பட்டறைகளின் கணக்கில் இப்படி ஒரு தொகையைக் கண்டால், சீக்கிரம் கட்டியதற்குக் கொடுத்த தள்ளுபடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் தொழிற்சாலைக்கு 1,00,000 ரூபாய் பட்டியல் விலையுள்ள உதிரிபாகங்களை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரத் தள்ளுபடி 10 சதவீதம். இது பில்லிலேயே கழிந்துவிடும். ஏட்டில் அதற்குத் தனிப் பதிவு கிடையாது. விற்பனை 90,000 ரூபாய்தான். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 16,200 ரூபாய். தொழிற்சாலையின் கணக்கில் 1,06,200 பற்று. விற்பனையில் 90,000, மத்திய வரி, மாநில வரியில் தலா 8,100 வரவு. தொழிற்சாலை எல்லைக்கு அந்தப்பக்கம் ஸ்ரீசிட்டியில் இருந்தால், 16,200 முழுவதும் ஐஜிஎஸ்டி.

தவணை 30 நாள். 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. கட்டுவார்களா என்பது பில் போடும்போது தெரியாது. அதனால் சிறு பட்டறைகள் அன்று இதை ஏட்டில் ஏற்றுவதில்லை. பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்: 20 நாள் முன்னதாகக் கொடுக்க 2 சதவீதம் என்பது ஆண்டுக்குச் சுமார் 37 சதவீத வட்டி. கொடுக்கும் பட்டறைக்கு இது கனமான செலவு என்பதையும் முதலாளி உணர வேண்டும்.

8ஆம் நாள் தொழிற்சாலை மொத்த பில்லில் 2 சதவீதமான 2,124 ரூபாயைக் கழித்து 1,04,076 அனுப்புகிறது. கணக்கர் 90,000-க்கு மட்டும் 2 சதவீதம் போட்டு, 1,800 ரூபாயைத் தள்ளுபடியாக எழுதுகிறார். விட்டுப்போனது அதன் மீதான வரி 324.

சரிசெய்ய இரண்டு வழிகள். முதலாவது, அந்த பில் எண்ணைக் குறித்து வரியோடு கிரெடிட் நோட் போடுவது. வங்கி 1,04,076, அளித்த தள்ளுபடி 1,800, இரு வரிக் கணக்கிலும் தலா 162 பற்று. தொழிற்சாலைக்கு 1,06,200 வரவு. தள்ளுபடி நிபந்தனை ஆர்டரிலேயே எழுதப்பட்டிருப்பது நல்லது. தொழிற்சாலை தான் எடுத்த உள்ளீட்டு வரியில் 324-ஐத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் பட்டறை தன் வரியைக் குறைக்க முடியாது.

இரண்டாவது, வரியைத் தொடாத வணிக கிரெடிட் நோட். அப்போது 2,124 முழுவதும் பட்டறையின் தள்ளுபடிச் செலவு. தொழிற்சாலையின் உள்ளீட்டு வரி அப்படியே இருக்கும். சிறு தொகைக்கு இதுவே தொல்லையில்லாத வழி என்பேன். மாதம் பல லட்சத்துக்கு பில் போடும் பட்டறைக்கு முதல் வழிதான் லாபம். ஆனால் விற்ற நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியோ அதற்குள் அந்த நோட்டை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும்.