48 ஆயிரம் பேர் பார்த்த வீடியோ: விற்றது இரண்டே பெட்டி

மாம்பழத்தை வியாபாரியிடம் கொடுக்காமல் நேரடியாக விற்கலாம் என்று இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பக்கம் தொடங்கிய விவசாயிகள், இரண்டு மாதம் கழித்துப் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஃபாலோயர் ஆயிரத்தைத் தாண்டிருச்சு சார். ஆனா பழம் போக மாட்டேங்குதே?"

ஃபாலோயர் கூடினால் விற்பனையும் கூடும் என்று நினைப்பதில்தான் சிக்கல். செல்போன் திரையில் மூன்று எண்கள் தெரிகின்றன. அவை ஒவ்வொன்றும் எதை எண்ணுகின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

வாரச்சந்தையில் நீங்கள் கடை போட்டிருக்கிறீர்கள். கடையைப் பார்த்தபடி 100 பேர் கடந்து போனால் உங்கள் ரீச் 100. அதில் 30 பேர் திரும்பிப் போகும்போது மறுபடியும் ஒருமுறை பார்த்தால், பார்வைகள் மொத்தம் 130. அதுதான் இம்ப்ரெஷன். ரீச் தலைகளை எண்ணுகிறது. இம்ப்ரெஷன் பார்வைகளை எண்ணுகிறது. அதனால் இம்ப்ரெஷன் எப்போதும் ரீச்சுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் இப்போது இம்ப்ரெஷன் என்ற சொல்லுக்குப் பதில் Views என்று காட்டுகிறார்கள். அதுவும் தடவைக் கணக்குதான். ஒருவரே நாலு தரம் பார்த்தால் நாலு என்று ஏறும்.

ஃபாலோயர் என்பவர், "அடுத்த தடவை பழம் வந்தா சொல்லுங்க" என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனவர். பெயர் கொடுத்தவர் எல்லோரும் வாங்க வருவதில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு பதிவும் அவர்கள் எல்லோருக்கும் காட்டப்படுவதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஃபாலோ செய்துவிட்டு, பிறகு உங்கள் பக்கத்தை எட்டிப்பார்க்காதவரும் அந்த எண்ணிக்கையில் அப்படியே இருப்பார்.

ஒரு கணக்கு போடுவோம். நத்தம் பக்கம் இரண்டு ஏக்கர் இமாம் பசந்த் வைத்திருக்கும் ஒரு விவசாயி, 5 கிலோ பெட்டியாக சென்னை, கோவை, மதுரை, திருச்சிக்கு மட்டும் பார்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் இரண்டு வீடியோ போடுகிறார்.

முதல் வீடியோவில் ஒரு அணில் பழத்தைக் கொறிக்கிறது, பின்னால் பாட்டு ஓடுகிறது. Views 62,000, ரீச் 48,000, புதிதாக 900 ஃபாலோயர். வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்கள் 11 பேர், விற்றது 2 பெட்டி.

இரண்டாவது வீடியோவில் அவரே தோட்டத்தில் நின்று பேசுகிறார். வியாழக்கிழமை பறிப்பு, 5 கிலோ பெட்டி, இன்ன விலை, எந்தெந்த ஊருக்கு வரும், வீட்டில் எத்தனை நாள் வைத்துப் பழுக்கவிட வேண்டும் என்று சொல்கிறார். Views 2,600, ரீச் 1,900, புது ஃபாலோயர் 14 பேர்தான். விலை கேட்டவர்கள் 46 பேர், விற்றது 23 பெட்டி.

முதல் வீடியோவில் ஏறக்குறைய 4,400 பேருக்கு ஒருவர் விலை கேட்டார். இரண்டாவதில் 41 பேருக்கு ஒருவர். எண்ணிக்கையைத் துரத்துகிறவர் மறுவாரமும் அணிலைத் தேடித்தான் போவார். மாமரத்தைப் பார்த்து மலைக்கிற மாதிரிதான் இதுவும். மரம் முழுக்கப் பூத்திருந்தாலும், அதில் நூற்றுக்கு ஒரு பூகூட அறுவடைக்குக் காயாக நிற்பதில்லை. பூவை எண்ணி விளைச்சல் சொல்கிற விவசாயி யாரும் இல்லையே.

அணில் வீடியோ ஏன் விற்கவில்லை? பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கை Professional account ஆக மாற்றினால், Insights பகுதியில் ஊர் வாரியான விவரம் கிடைக்கும். பாட்டும் அணிலும் மொழி தெரியாதவருக்கும் பிடிக்கும் என்பதால், வேற்று மாநிலத்தார் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். முற்றிய காயாகப் பறித்து அனுப்பினால் வழியிலேயே பழுக்கத் தொடங்கிவிடும் சரக்கு இது. நான்கு ஊருக்குத்தான் அனுப்ப முடியும் என்றால், மற்ற ஊரிலிருந்து வரும் ரீச்சை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு பழக்கம் விவசாயிகள் குழுக்களில் பரவியிருக்கிறது. "நீங்க என்னை ஃபாலோ பண்ணுங்க, நான் உங்களை ஃபாலோ பண்றேன்" என்பது. இப்படி 500 பேர் சேர்ந்தால் அந்த 500 பேரும் மாம்பழம் விளைவிப்பவர்கள். உங்களிடம் வாங்க மாட்டார்கள். அடுத்த பதிவு பெரும்பாலும் முதலில் காட்டப்படுவதும் இவர்களுக்குத்தான். இவர்கள் பார்க்காமல் தள்ளிவிட்டால், பதிவு வெளியே பரவுவதும் மட்டுப்படும். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது இதைவிட மோசம்.

அப்படியானால் எந்த எண்ணைக் குறித்துக்கொள்வது? விலை கேட்டவர்கள், பணம் அனுப்பியவர்கள், மறுபடியும் வாங்கியவர்கள். இதை எந்தச் செயலியும் தானாக முழுமையாகச் சொல்லாது. நோட்டில்தான் எழுத வேண்டும். எந்த வீடியோவைப் பார்த்து வந்தார் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MANGO2
```

X வரும் இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள். வாடிக்கையாளர் இதைத் தொட்டால் MANGO2 என்ற சொல் ஏற்கெனவே எழுதப்பட்ட நிலையில், அவருடைய வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கான சாட் திறக்கும். அவர் அனுப்பியதும் இரண்டாவது விளம்பரத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இருக்கும் லேபிள்களைக் கொண்டு புது ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது என்று பிரித்தும் வைக்கலாம்.

நோட்டில் இந்த எண்கள் சேர்ந்த பிறகுதான் ரீச் உங்களுக்குப் பயன்படத் தொடங்கும். பார்த்தவர்களில் கணிசமானோர் விலை கேட்கிறார்கள், ஆனால் பார்த்தவர்களே குறைவு என்றால் ரீச்சைக் கூட்டலாம். நிறையப் பேர் பார்த்தும் யாரும் கேட்கவில்லை என்றால், வீடியோவில் விலையோ ஊரோ சொல்லப்படாமல் இருக்கலாம். கேட்டவர்கள் வாங்காமல் போனால், பார்சல் கட்டணம் அதிகமா, பதில் சொல்ல ஒரு நாள் ஆகிவிட்டதா என்று பாருங்கள். அங்கே ரீச்சைக் கூட்டிப் பயனில்லை.

காசு கட்டி விளம்பரம் செய்யும்போதும் இதே கணக்குதான். 600 ரூபாய் கட்டி 6 பெட்டி விற்றால், ஒரு பெட்டிக்கு விளம்பரச் செலவு 100 ரூபாய். பெட்டி, பார்சல் செலவு போக மண்டி விலையைவிட உங்களுக்கு 200 ரூபாய் கூடுதலாக நிற்கிறது என்றால், 100 ரூபாய் மிஞ்சும். மூன்று பெட்டிதான் விற்றது என்றால் மண்டிக்கே போட்டிருக்கலாம். கட்டும்போது, ஃபாலோயரோ லைக்கோ கூட்டும் நோக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் மெசேஜ் வரவழைக்கும் நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுப்ப முடிந்த ஊர்களை மட்டும் குறியுங்கள். இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தும் பாருங்கள். 9,000 இம்ப்ரெஷனுக்கு ரீச் 1,500 என்றால், ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஆறு தடவை காட்டியாகிவிட்டது. புதிதாக யாரும் கேட்கவில்லை என்றால் அந்த விளம்பரத்தை நிறுத்திவிடலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்குக் கணக்கு வேறு. மக்காச்சோளத்தில் படைப்புழு வந்திருக்கிறது என்று எச்சரிக்கும் பதிவுக்கு ரீச்தான் சரியான எண். ஆனால், பயிர் இளசாக இருக்கும் அந்தச் சில நாட்களுக்குள், உங்கள் வட்டாரத்து மக்காச்சோள விவசாயிகளில் எத்தனை பேரை எட்டியது என்று பார்க்க வேண்டும். வட்டாரத்தில் 300 பேர் மக்காச்சோளம் போட்டிருந்து, அதில் 200 பேருக்கு வாட்ஸ்அப் குழு வழியே முதல் நாளே செய்தி போயிருந்தால், மாநிலம் முழுக்க 20,000 பேர் பத்து நாள் கழித்துப் பார்த்த வீடியோவைவிட அதில்தான் பலன் அதிகம்.