படமெல்லாம் போச்சா? முதலில் ஸ்லாட்டைப் பாருங்க!

அக்கா மகளின் வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை. கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து, லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் ஸ்லாட்டில் செருகினேன். திரையில் வந்த செய்தி இது: You need to format the disk in drive E: before you can use it. பக்கத்திலேயே Format disk என்று ஒரு பட்டன். "அதை அமுக்கினா சரியாயிடும் போல இருக்கே சித்தி" என்று அக்கா மகன் மவுஸை நகர்த்த, சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கியிருந்தால் கார்டில் படங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பட்டியலே அழிந்திருக்கும். அப்புறம் மீட்பு மென்பொருளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

Cancel கொடுத்துவிட்டு கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படமும் இருந்தது. அப்படியென்றால் கோளாறு கார்டில் இல்லை, லேப்டாப்பில்தான் என்று சந்தேகம் வந்தது. எதிர்வீட்டில் ஒரு யு.எஸ்.பி. கார்டு ரீடர் வாங்கி வந்து செருகியதும் படங்கள் வரிசையாகத் திறந்தன. வேறு எதையும் தொடாமல், முதல் வேலையாக அத்தனையையும் நகல் எடுத்து வைத்தோம்.

அடுத்து சோதனையைத் திருப்பிப் போட்டோம். ரீடரில் நன்றாக ஓடிய இன்னொரு கார்டை லேப்டாப் ஸ்லாட்டில் போட்டால் சத்தமே இல்லை. இரண்டு கார்டும் ரீடரில் ஓடுகின்றன, இரண்டும் ஸ்லாட்டில் ஓடவில்லை. இனி கார்டைத் திட்டிப் பயனில்லை. மாறாக, கார்டு ரீடரிலும் வராமல் இருந்தால் பழுது கார்டில்தான் என்று வைத்து, அதில் எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட வேண்டும்.

இந்தச் சோதனையில் ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு உண்டு. போனில் போடும் குட்டி கார்டை அடாப்டருக்குள் வைத்துச் செருகினால், அந்த அடாப்டரே கெட்டிருக்கலாம். வேறு அடாப்டர் மாற்றிப் பாருங்கள். மிகப் பழைய லேப்டாப் என்றால் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளை அதன் ஸ்லாட் படிக்காமலே போகலாம். அது பழுதில்லை, வயசு. எங்களுடையவை இரண்டும் 32 ஜி.பி.க்கு உட்பட்டவை.

இனி ஸ்லாட். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தால் பஞ்சு பஞ்சாகத் தூசி. மெத்தையில் வைத்து சினிமா பார்க்கும் வீட்டில் வேறென்ன இருக்கும்? கேமரா லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பல்பால் நாலைந்து முறை ஊதினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். கார்டின் தங்கநிறப் பட்டைகளை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். சிலர் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள்; அந்தத் துகளே திரும்ப ஸ்லாட்டுக்குள் போய்ச் சேரும். பிறகு கார்டை ஐந்தாறு முறை மெதுவாகச் செருகி எடுத்தேன். அந்த உரசலிலேயே பின்களின் மேல் படிந்த அழுக்கு கொஞ்சம் விலகும்.

லேப்டாப்பைப் போட்டதும் கார்டு தெரிந்தது! ஆனால், ஒரு வீடியோவை நகல் எடுக்கும்போது பாதியில் நின்றது. விரலால் கார்டை லேசாக மேலே தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. தூசிக்கு இந்தக் குணம் கிடையாது. இது பின் தளர்ந்ததன் அடையாளம்.

ஸ்லாட்டுக்குள் இருப்பவை மெல்லிய உலோக ஸ்பிரிங் பின்கள். கார்டு நுழையும்போது அழுந்தி, எடுத்ததும் எழும்ப வேண்டும். வருடக்கணக்கில் அழுந்தியோ, யாராவது கார்டைத் தலைகீழாகத் திணித்தோ ஒரு பின் தாழ்ந்துவிட்டால், கார்டின் பட்டையை அது சரியாகத் தொடாது. மறுபடி அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வரிசையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தது.

"ஊசியால நெம்பிடலாமா சித்தி?" என்றான். கூடாது. மெல்லிய பின் முறியலாம். பக்கத்துப் பின்னோடு ஒட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகும். கார்டின் முதுகில் செலோடேப் ஒட்டித் தடிமனாக்குவதும் சிலர் கைவைத்தியம். இரண்டு நாள் ஓடும். அதற்குள் மற்ற பின்களும் தாழும், கார்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

சர்வீஸ் கடைத் தம்பி பார்த்துவிட்டு, "ஸ்லாட் மதர்போர்டுலயே சால்டர் பண்ணிருக்குக்கா. மாத்துற காசுக்கு நாலு ரீடர் வாங்கலாம்" என்றார். ஒரு ரீடர் வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். ஸ்லாட்டில் இப்போது லேப்டாப்புடன் வந்த பிளாஸ்டிக் டம்மி கார்டு உட்கார்ந்திருக்கிறது.