மேலே ஏறிய 2

பிளஸ் டூ கணக்கு வினாத்தாளை யாரோ செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். தாள் சற்றுச் சுருண்டிருக்கிறது, ஓரத்தில் விரலின் நிழல். வகைக்கெழுச் சமன்பாட்டுக் கேள்வி ஒன்று இப்படித் தெரிகிறது:

dy/dx = 2xy², y(0) = 1

அந்த y-யின் மேல் இருப்பது 2-தானா, தாளின் மடிப்பில் விழுந்த கறையா? அதை முடிவு செய்யாமல் பேனாவைத் தொடக்கூடாது. இப்போதைக்கு 2 என்றே வைத்துக்கொள்வோம்.

dy/dx என்பது y எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்கிறது. நாம் தேடுவது y-யையே. வலப்பக்கம் x மட்டும் உள்ள ஒரு கோவையும் y மட்டும் உள்ள ஒரு கோவையும் பெருக்கலாக நிற்பதால், y சம்பந்தப்பட்டதை ஒரு பக்கமும் x சம்பந்தப்பட்டதை மறுபக்கமும் ஒதுக்கிவிடலாம். 2x + y² என்று கூட்டலாக இருந்தால் இந்த வழி செல்லாது. 1691-லேயே லைப்னிட்ஸ் இந்த முறையை ஹைகன்ஸுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

y²-ஆல் வகுத்துப் பிரித்தால்:

dy/y² = 2x dx

இரண்டு பக்கமும் தொகையிட்டால்:

−1/y = x² + C

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாறிலி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் அவற்றின் வித்தியாசம் ஒரே மாறிலிதான். ஆனால் அந்த C-யைத் தொகையிட்ட அதே வரியில் எழுதிவிட வேண்டும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். −1/y = x² என்று எழுதி, அதைத் திருப்பி y = −1/x² என்று கொண்டுவந்து, கடைசியில் நினைவு வந்து “+ C” என்று ஒட்டுகிறார்கள். ஒட்டிய பிறகு y(0) = 1 என்று பிரதியிடப் பார்த்தால் 0-ஆல் வகுக்க வேண்டி வருகிறது. இந்தக் கணக்கில் தவறு தானாகவே கத்திக் காட்டிக்கொடுக்கிறது. எல்லாக் கணக்கும் இவ்வளவு நல்லதாக இருக்காது.

சரியான வரியில் x = 0, y = 1 என்று போட்டால் −1 = 0 + C. ஆக C = −1. பிறகு −1/y = x² − 1, அதாவது

y = 1/(1 − x²)

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். இதை வகையிட்டால் 2x/(1 − x²)² வருகிறது, அது 2xy²-தான். x = 0 எனில் y = 1. இரண்டும் பொருந்தின.

இனி அந்தக் கறைக்கு வருவோம். மேலே இருந்தது 2 அல்ல, கறைதான் என்றால் கேள்வி dy/dx = 2xy. பிரித்தால் dy/y = 2x dx; தொகையிட்டால் ln|y| = x² + C. ஆரம்ப நிபந்தனையைப் போட்டால் ln 1 = 0 என்பதால் C = 0, விடை y = e^(x²). இங்கே C-யை மறந்தவருக்கும் இதே விடைதான் வரும். தவறு வெளியே தெரியாது. y(0) = 3 என்று கேட்டிருந்தால் விடை 3e^(x²); அப்போது மறந்தவர் மாட்டிக்கொள்வார்.

இரண்டு விடைகளும் x = 0-இல் 1-தான். x = 1/2-இல் ஒன்று சுமார் 1.33, மற்றொன்று சுமார் 1.28. ஆனால் x ஒன்றை நெருங்கும்போது முதலாவது எல்லை மீறி உயர்கிறது, இரண்டாவது 2.72 அருகே அமைதியாகக் கடக்கிறது. ஒவ்வொன்றும் தன் சமன்பாட்டில் சரியாகப் பொருந்துவதால், எது கேட்கப்பட்டது என்பதைச் சரிபார்ப்பு சொல்லாது. படத்தைப் பெரிதாக்கி, அதே தாளில் வேறு எங்காவது அச்சான அடுக்கு 2-இன் அளவோடும் உயரத்தோடும் ஒப்பிடலாம். அதுவும் தெளியாவிட்டால், தாளைத் தட்டையாக வைத்து இன்னொரு படம் கேட்பதே வழி. நிபந்தனை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் இதேதான். அதை ஊகித்து நிரப்பக்கூடாது. C-யுடன் பொதுத் தீர்வோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் விடையில் இன்னும் ஒன்று பாக்கி. அது −1 < x < 1 என்ற இடைவெளியில்தான் செல்லும். x = 2 என்று போட்டால் −1/3 என்று ஓர் எண் கிடைக்கிறதே என்று வாதாடலாம்; ஆனால் ஆரம்பப் புள்ளியிலிருந்து அங்கே போகும் வழி x = 1-இல் அறுந்துவிட்டது.

நிபந்தனை y(0) = 0 என்று இருந்திருந்தால் −1/0 என்று வந்து C கிடைக்காமலே போயிருக்கும். y²-ஆல் வகுத்தபோதே y = 0 என்ற தீர்வைத் தூக்கி எறிந்துவிட்டோம். அதை மூலச் சமன்பாட்டில் போட்டால் இரு பக்கமும் 0; அதுவே அந்தக் கேள்விக்கு விடை.